இருபதாம் தேதி எடுத்த முடிவு

2020 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை. சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கம். கொரோனா காலம் என்பதால் மருத்துவக் கலந்தாய்வை அந்த ஆண்டு அங்கே வைத்திருந்தார்கள். இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகள், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும் முகங்கள், ஒவ்வொருவர் மடியிலும் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் முதல் கலந்தாய்வு 18ஆம் தேதி தொடங்கியிருந்தது. அன்று மூன்றாம் நாள்.

அந்த அரங்கில் மகளோடு உட்கார்ந்திருந்த ஒரு கொத்தனாரின் கதையைச் சொல்லப்போகிறேன். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அவரும் மகளும் நான் உருவாக்கிய பாத்திரங்கள். ஆனால் அந்த மண்டபமும் தேதியும் சட்டமும், அவர்களை நெருக்கிய கட்டணமும் நடந்தவை. அவரைப் போன்ற பெற்றோர் அந்த மூன்று நாட்களில் அங்கே இருந்தார்கள்.

முதலில் அந்த ஒதுக்கீடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நீட் வந்தபிறகு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். போவது கிட்டத்தட்ட நின்றே போனது. முந்தைய ஆண்டு இடம் கிடைத்தவர்கள் 6 பேர்தான் என்று அரசே சொன்னது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையை வைத்து 7.5 சதவீதத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். ஆளுநரின் ஒப்புதல் அக்டோபர் கடைசியில்தான் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து, நீட்டில் தகுதியும் பெற்றவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து நானூற்றுச் சொச்சம் இடங்கள். ஆறு எங்கே, நானூறு எங்கே! கொத்தனாரின் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் இனிப்பு வாங்கிக் கொடுத்தார் என்றால் அதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நானூறும் அரசுக் கல்லூரி இடங்கள் அல்ல. சுயநிதிக் கல்லூரிகள் அரசுக்கு விட்டுக்கொடுக்கும் இடங்களும் அதில் உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடம் என்ற சொல்லைக் கேட்டதும், செலவும் அரசுக் கல்லூரி மாதிரிதான் இருக்கும் என்று ஊரில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒதுக்கீடு செய்வது மட்டும்தான் அரசு. பணம் கட்டுவது கல்லூரிக்கு. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் பதினைந்தாயிரத்துக்குள் அடங்கியது. சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, கட்டண நிர்ணயக் குழு விதித்தது ஏறத்தாழ 4 லட்சம். ஒரே அரங்கம், ஒரே திரை, ஒரே பட்டியல்தான். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

கொத்தனார் காலையிலிருந்து அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் கல்லூரிப் பெயர்கள், மேலே இனவாரிக் கட்டங்கள், கட்டத்துக்குள் மிச்சமிருக்கும் இடங்களின் எண்ணிக்கை. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு இந்த 7.5 சதவீதத்துக்குள்ளும் அப்படியே பொருந்தும். பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று இடங்களைப் பிரித்துவிடுவார்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்குக் கண் வைக்க இரண்டு கட்டங்கள் உண்டு. பொதுப் பிரிவில் இடம் இருந்தால் அதையும் எடுக்கலாம், அது தீர்ந்தால் தன் பிரிவில் எடுக்கலாம். மகளின் தரவரிசை எண் பட்டியலின் நடுவைத் தாண்டியிருந்தது. ஆகவே பொதுப் பிரிவு முன்பே முடிந்திருந்தது. அவர் பார்த்தது பி.சி. கட்டத்தை மட்டும்.

அரசு எம்.பி.பி.எஸ். வரிசையில் ஒவ்வொன்றாகச் சுழியம் விழுந்துகொண்டே வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பார்த்தபோது அந்தக் கட்டங்களில் எண்ணே இல்லை. சுயநிதி எம்.பி.பி.எஸ். சில இருந்தன. கீழே பல் மருத்துவ வரிசையில், ஓர் அரசுக் கல்லூரியில், ஒன்று என்ற எண் நின்றது.

அந்த ஒன்று அதுவரை நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்னால் போனவர்களில், நகையையோ நிலத்தையோ வைத்துப் பணம் புரட்ட வழியிருந்தவர்கள், கடன்பட்டாலும் எம்.பி.பி.எஸ்.தான் என்று சுயநிதியை எடுத்தார்கள். புரட்ட முடியாதவர்கள் அரசு பி.டி.எஸ்.ஸை எடுத்தார்கள். சிலர் எதையும் எடுக்காமல் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார்கள். மிச்சமிருந்த எண்களில் தெரிந்தது முன்னால் போனவர்களின் மதிப்பெண் மட்டுமல்ல, அவர்கள் வீட்டு நிலைமையும்தான்.

மேசைக்குக் கூப்பிட்டார்கள். இத்தகைய கலந்தாய்வில் தரவரிசைப்படி ஒருவர் முடித்தால்தான் அடுத்தவருக்கு என்ன மிச்சம் என்பதே தெரியும். ஒருவர் யோசிக்கும் நேரம் முழுக்கப் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் நிற்க வேண்டும். அதிகாரி அவசரப்படுத்துவதற்குக் காரணம் கோபமோ அலட்சியமோ அல்ல. ஒரு குடும்பம் பத்து நிமிடம் எடுத்தால் ஐம்பது குடும்பங்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும்.

“சொல்லுங்கப்பா, எதுன்னு?” என்றார் மேசையில் இருந்த அம்மா. “பின்னாடி ஆள் நிக்கிது.”

“ஒரு அஞ்சு நிமிஷம் மேடம்.”

“அஞ்சு முடியாது. ரெண்டு நிமிஷம். பேசிட்டுச் சொல்லுங்க.”

மகள் அப்பாவின் காதருகே குனிந்தாள். “டாக்டருக்குப் படிக்கலாம்பா. லோன் வாங்கலாம்னு சார் சொன்னாங்க.”

“பல்லு டாக்டரும் டாக்டருதானே ஆத்தா?”

அவள் பதில் சொல்லவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முதல் நாள் இரவு பேருந்தில் ஏறும் முன் தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. அதைத்தான் நாமும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர். ஆண்டுக்கு 4 லட்சம் என்றால் கல்விக் கட்டணம் மட்டும் 18 லட்சம். குழு நிர்ணயிக்கும் தொகையில் பொதுவாக விடுதியும் சாப்பாடும் சேராது. அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வைத்துக்கொண்டாலும் இன்னொரு நாலரை லட்சம். புத்தகம், உடை, தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு தனி. கூட்டினால் 23 லட்சத்துக்குப் பக்கம் வந்துவிடும். கொத்தனாருக்கு நாள் கூலி 800, மாதத்தில் இருபது நாள் வேலை. ஆண்டுக்கு 1,92,000. ஒரு பைசா சாப்பிடாமல் சேர்த்தாலும் ஓராண்டின் கல்விக் கட்டணத்துக்கு இரண்டு ஆண்டுக் கூலிக்கு மேல் வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஊரடங்கில் மாதக்கணக்காகக் கரண்டியையே எடுக்கவில்லை.

அரசு பி.டி.எஸ். என்றால் நான்கு ஆண்டு, பிறகு ஓராண்டு பயிற்சி. கல்விக் கட்டணம் நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 60,000ஐத் தாண்டாது. விடுதிச் செலவையும் சேர்த்தால்கூட மூச்சுப் பிடித்துக் கட்டிவிடலாம்.

இனி அந்த வங்கிக் கடன். கடன் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், எவ்வளவுக்கு எதன் பேரில் என்று யாரும் சொல்லவில்லை. வங்கிகள் அப்போது பின்பற்றிய பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்தை அடமானமாகக் கேட்க மாட்டார்கள். 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து அடமானம். 18 லட்சம் வேண்டுமென்றால் அந்த மதிப்புக்குச் சொத்து காட்ட வேண்டும். கொத்தனாருக்கு இருந்தது நத்தத்தில் ஓட்டு வீடு. அதுவும் அண்ணன் தம்பி மூவர் பேரில் கூட்டுப் பட்டா. அதை வைத்து எந்த வங்கி மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார். கடனுக்கு விண்ணப்பம் கொடுத்து ஆணை வர வாரங்கள் ஆகும், கல்லூரியில் சேரக் கொடுப்பதோ சில நாட்கள். தலைமையாசிரியர் நல்ல எண்ணத்தில்தான் லோன் என்றார். அந்தச் சொல்லுக்குள் 7.5 லட்சத்தில் ஒரு கோடு இருப்பது அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் அது பின்னால்தான் வரும். அதற்குள் கல்லூரி முதல் தவணையைக் கேட்டுவிடும். பிற்படுத்தப்பட்ட வகுப்புக் கொத்தனாருக்கு அந்த வழியும் இல்லை. காத்திருப்போர் பட்டியலுக்குப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதில் போனால் கையில் உள்ள ஒன்றும் போகும். அடுத்த சுற்றில் அரசு எம்.பி.பி.எஸ். இடம் யாராவது விட்டால்தான் உண்டு, இல்லாவிட்டால் மறுபடி ஓராண்டு நீட். அந்த ஓராண்டுக்குப் பயிற்சி மையக் கட்டணம் யார் கட்டுவது?

“என்னப்பா?”

“அரசாங்கக் காலேஜே போடுங்க மேடம். பல்லு.”

மகள் கையெழுத்துப் போட்டாள். ஆணை அச்சாகி வந்தது. மறுநொடி திரையில் அந்த ஒன்று மறைந்தது. பின்னால் இருந்த குடும்பத்துக்கு அதற்குமேல் அரசு இடம் என்று எதுவும் கிடையாது.

அன்றிரவே கோயம்பேட்டிலிருந்து ஊருக்குப் பேருந்து ஏறினார்கள்.

மறுநாள், நவம்பர் 21. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிகளில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். உதவித்தொகை வரும்வரை காத்திருக்காமல், சுழல் நிதி ஒன்றை வைத்து, கல்லூரிகளுக்கு நேரடியாகக் கட்டிவிடுவதாக ஏற்பாடு. எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வும் அந்த நாட்களில்தான் அந்த மாணவர்களின் கட்டணத்தைத் தாங்களே ஏற்பதாகச் சொன்னது. பணம் கட்ட முடியாமல் பிள்ளைகள் இடத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற செய்தி அந்த இரண்டு மூன்று நாட்களில் நாடெங்கும் பரவியிருந்தது. அந்தச் செய்திதான் அறிவிப்பைக் கொண்டுவந்தது. நல்ல அறிவிப்பு, ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய கதவைத் திறந்தது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கலந்தாய்வு 18ஆம் தேதி தொடங்கியது. மூன்று நாள் முடிந்தபின் வந்த அறிவிப்பால், முன்னதாக இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு என்ன பயன்? அவர்கள் விட்ட இடத்தைத் தரவரிசையில் அடுத்தவர் அப்போதே எடுத்துக்கொண்டிருப்பார். அவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. பாதிக்கப்பட்ட மாணவர்கள் சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கட்டணத்தை அரசு ஏற்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் இடத்தை விட்டிருக்க மாட்டோம் என்பதே அவர்கள் வாதம்.

கொத்தனார் செய்தியைக் கேட்டது ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, டீக்கடையில். பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியைக் காட்டி, “ஏப்பா, அவசரப்பட்டுட்டியே” என்றார். அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அவசரப்படவில்லை. கையில் இருந்த தாளில் எந்த எண்ணும் தப்பில்லை. 20ஆம் தேதி மதியம் அவருக்குத் தெரியக்கூடியது எதுவோ அத்தனையையும் வைத்து எடுத்த முடிவு அது. அதே இரண்டு நிமிடத்தில் வங்கி மேலாளரை உட்கார வைத்திருந்தாலும் அதே இடத்தைத்தான் எடுத்திருப்பார். அவரிடம் இல்லாத எண் ஒன்றே ஒன்றுதான்: இந்த 23 லட்சத்தில் குடும்பம் கட்ட வேண்டியது எவ்வளவு, அரசு கட்டுவது எவ்வளவு என்பது. அது அந்தக் குடும்பம் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய எண் அல்ல. அரசு முடிவுசெய்து தகவல் குறிப்பேட்டில் அச்சடிக்க வேண்டிய எண்.

சட்டம் கொண்டுவந்தபோதே இது கண்ணில் பட்டிருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கீடு. அதில் ஆண்டுக்கு 4 லட்சம் கேட்கும் இடங்களும் சேரும் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த விஷயம். அப்படியானால் யார் கட்டுவது என்ற கேள்விக்கு விடை தரவரிசைப் பட்டியலோடு வந்திருக்க வேண்டும். சுயநிதி என்று மட்டும் இல்லை. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அப்போது அரசு நடத்திய பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தும், கட்டணம் தனியார் கல்லூரியை மிஞ்சியிருந்தது. அங்கே படித்த மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பிறகு, 2021இல் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். பெயரைப் பார்த்து அரசுக் கல்லூரி என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் விரிந்தது. அந்த மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் ஸ்டாலின் செப்டம்பரில் அறிவித்தார். ஆகவே அந்த ஒதுக்கீட்டில் வரும் குடும்பம் இன்று கொத்தனாரின் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கல்லூரியைப் பார்த்து எடுக்கலாம், கட்டணத்தைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். கல்லூரியில் சேரும்போது அதற்கு இது என்று வேறு தலைப்பில் பணம் கேட்டால், ரசீது கேட்டு வாங்கித் தேர்வுக் குழுவுக்குப் புகார் எழுதலாம்.

ஆனால் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, அப்பாவுக்கு வேலை போனதால் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் இல்லை. அவர்கள் வீட்டு வருமானமும் கொத்தனார் வருமானம்தான். அவர்கள் முன்னால் அரசு பி.டி.எஸ்.ஸும் சுயநிதி எம்.பி.பி.எஸ்.ஸும் இன்றும் அதே மாதிரி வந்து நிற்கின்றன. இப்போது பெரும்பாலும் இணையத்தில் விருப்பப் பட்டியல் போடுவதால் மேசையில் யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஆனால் பட்டியலை எந்த வரிசையில் போடுகிறோமோ அந்த வரிசையில்தான் இடம் வரும். சுயநிதி எம்.பி.பி.எஸ்.ஸை மேலே போட்டுவிட்டு, வந்தபிறகு கட்டணத்தைப் பார்த்து மலைத்தால், கீழே போட்ட அரசு பி.டி.எஸ். அந்தச் சுற்றில் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

அதனால் கணக்கைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். தரவரிசை வெளியானதுமே பட்டாவையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், இந்தச் சொத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு, வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்க முயல வேண்டும். கல்லூரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, குழுவின் கட்டணத்துக்கு மேல் விடுதிக்கும் உணவுக்கும் பேருந்துக்கும் தனித்தனியாக எவ்வளவு, முதல் ஆண்டு மட்டும் வாங்குவது எது, ஆண்டுதோறும் வாங்குவது எது என்று கேட்க வேண்டும். சேர்ந்தபின் இடையில் விட்டால் கட்ட வேண்டிய தொகை குறிப்பேட்டில் இருக்கும், அதையும் படித்துவிட வேண்டும். முதல் ஆண்டுப் பணத்தைச் சீட்டு எடுத்தும் நகையை வைத்தும் எப்படியோ கட்டிவிடலாம். பல குடும்பங்கள் தடுக்கி விழுவது மூன்றாம் ஆண்டில்தான், விற்க ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில். வங்கி தரும் தொகைக்கும் நாலரை ஆண்டு மொத்தச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்து, அது வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த இடத்தைப் பட்டியலில் அரசு பி.டி.எஸ்.ஸுக்குக் கீழே போடுவதே சரி என்பேன்.